கரண்ட் போன ஆறு நிமிடங்கள்: ஆட்சேர்ப்புப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

வேலைக்கு ஆள் எடுக்க ஆன்லைன் ஆப்டிட்யூட் டெஸ்ட் நடத்தும் நிறுவனங்களின் ஆட்சேர்ப்புப் பிரிவினருக்கு, வணக்கம்.

திண்டுக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பிளேஸ்மென்ட் வேலையைப் பார்த்து வருகிறேன். போன மாதம் எங்கள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி, உங்களில் ஒரு நிறுவனத்தின் டெஸ்டை வீட்டிலிருந்து எழுதினாள். பாதியிலேயே டெஸ்ட் தானாக மூடிக்கொண்டது. அவள் காப்பி அடிக்கவில்லை. அன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

லிங்க் வந்தது முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு. டெஸ்ட் மறுநாள் காலை பத்து மணி, வேறு ஸ்லாட் கிடையாது. அவள் ஊரிலோ மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. அது முன்கூட்டியே அறிவிக்கப்படுவதுதான். இரண்டு நாள் முன்பு லிங்க் வந்திருந்தால் கல்லூரி லேபில் உட்கார வைத்திருப்பேன். இரவு எட்டு மணிக்கு மேல் யாரிடம் போய் லேப் கேட்பது? சரி, கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாம் என்று லேப்டாப்பை முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

முதல் செக்‌ஷன் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது லாஜிக்கல்: 20 கேள்வி, 25 நிமிடம், ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்ப வர முடியாது. ஒன்பதாவது நிமிடத்தில், எட்டுக் கேள்வி முடித்திருந்தபோது கரண்ட் போனது. ரூட்டர் அணைந்தது. போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, மறுபடி லாகின் செய்து, முகத்தைப் படம் பிடித்துக் காட்டி உள்ளே வர ஆறு நிமிடம் ஆனது. மீதி 16 நிமிடம் இருக்க வேண்டிய இடத்தில் 10 நிமிடம்தான் இருந்தது.

கடிகாரம் உங்கள் சர்வரில் ஓடுவதால் இப்படி. அதன் காரணமும் எனக்குத் தெரியும். துண்டித்தால் நேரம் நிற்கும் என்றால், நெட்டைப் பிடுங்கிவிட்டு நிதானமாகக் கணக்குப் போடுகிறவர்கள் வந்துவிடுவார்கள். ஆனால் தொடர்பு எப்போது அறுந்தது, எப்போது திரும்பியது என்பதும் அதே சர்வரில் பதிவாகத்தானே செய்கிறது? அந்த இடைவெளியில் அவள் பார்த்திருக்கக்கூடியது திரையில் நின்ற ஒரே ஒரு கேள்வி. அதை மட்டும் மாற்றிவிட்டு ஆறு நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கும் சலுகை ஆகாது.

அடுத்தது கண்காணிப்பு. தெருச் சத்தம் கேட்டால் அதற்கும் வார்னிங் வரும் என்பதால் ஜன்னலைச் சாத்தியிருந்தாள். ட்யூப்லைட் அணைந்ததும் அறை இருட்டு. கேமராவுக்கு முகம் தெரியவில்லை: முதல் வார்னிங். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். இருக்கையில் ஆள் இல்லை: இரண்டாவது வார்னிங். அப்புறம், சந்தா முடிந்துபோன ஆன்டிவைரஸின் அறிவிப்பு ஒன்று திரைக்கு முன்னால் வந்து நின்றது. அதை மூடினாள். மூன்றாவது வார்னிங், டெஸ்ட் தானாகச் சப்மிட் ஆகிவிட்டது.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். கணினித் திரையில் வேறு விண்டோ முன்னால் வந்துவிட்டால் பிரவுசர் உங்கள் பக்கத்துக்குச் சொல்வது `blur` என்கிற ஒரு செய்தியை மட்டும்தான். கவனம் எங்கே போனது என்று அது சொல்லாது. கூகுளில் விடை தேடினாலும் ஆன்டிவைரஸ் குறுக்கே வந்தாலும் அதே `blur` தான். வித்தியாசம் தெரிவது அதற்குப் பின்னால் நடப்பதில்தான்: அரை நிமிடம் வெளியே போய்விட்டு, வந்த கையோடு சரியான விடையைத் தட்டினால் சந்தேகப்படலாம். ஓரிரு நொடியில் திரும்பி, அதே கேள்வியில் திணறிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. பதிவை இரண்டு நிமிடம் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்தால் போதும், புரிந்துவிடும். அவள் விஷயத்தில் யாரும் பார்க்கவில்லை. எண்ணிக்கை மூன்றானதும் மென்பொருளே முடிவு செய்துவிட்டது.

பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு எழுதிய பையன்களை நானே பிடித்திருக்கிறேன். அதனால் கேமராவை எடுத்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். வார்னிங்கைக் குறித்து வையுங்கள், டெஸ்டை முடிக்க விடுங்கள், நிராகரிக்கும் முன் ஒரு மனிதர் பார்க்கட்டும். லிங்க்கை இரண்டு நாள் முன்பு அனுப்பி, மூன்று ஸ்லாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஒவ்வொருவருக்கும் கேள்விகளை மாற்றி மாற்றித்தானே கொடுக்கிறீர்கள், கசிந்துவிடும் என்ற பயம் அவ்வளவு வேண்டாம்.

நடந்ததை எழுதி, மின்தடை அறிவிப்பையும் இணைத்து அன்றே மெயில் போட்டாள். இந்த முகவரிக்கு வரும் மெயில்கள் படிக்கப்படுவதில்லை என்று உடனே தானியங்கிப் பதில் வந்தது. டெஸ்ட் லிங்க் அனுப்பும் மெயிலிலேயே, அன்று ஒரு ஆள் எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி எண் ஒன்றையும் போடுங்கள்.