எட்டு பீம்களுக்கான ரிங் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கம்பி வெட்டி வளைத்து வழங்கும் பிரிவு.

பொருள்: முதல் தள பீம்களுக்கு ரிங் குறைவாக அனுப்பப்பட்டதும், பில்லில் கூடுதலாகக் கணக்கிடப்பட்டதும் தொடர்பாக.

ஐயா,

நான் கட்டிவரும் வீட்டின் முதல் தளத்திற்குத் தேவையான கம்பிகளை, எங்கள் பொறியாளரின் வரைபடத்தைப் பார்த்து நீங்களே பட்டியலிட்டு, வெட்டி வளைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு அனுப்பியிருந்தீர்கள். கம்பியின் தரத்திலோ வளைவிலோ எனக்குக் குறை எதுவும் இல்லை. என் புகார் முழுவதும் பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் எண்ணிக்கையைப் பற்றியது. ஒரே அளவுள்ள எட்டு பீம்களுக்கும், பீமுக்கு 33 வீதம் 264 ரிங்குகள் வந்து சேர்ந்தன. பில்லிலோ பீமுக்கு 39 வீதம் 312 ரிங்குகளுக்குப் பணம் பெறப்பட்டுள்ளது. வரைபடத்தின்படி எண்ணினால் தேவை 33-ம் அல்ல, 39-ம் அல்ல, 36.

வரைபடத்தில் உள்ளதை முதலில் குறிப்பிடுகிறேன். பீமின் அகலம் 230 மி.மீ., ஆழம் 450 மி.மீ. ஒரு பில்லரின் முகத்திலிருந்து அடுத்த பில்லரின் முகம் வரை உள்ள நீளம் 4,800 மி.மீ. இரு முனைகளிலும் 1,200 மி.மீ. தூரத்துக்கு 8 மி.மீ. ரிங்குகள் 100 மி.மீ. இடைவெளியிலும், நடுவில் மீதமுள்ள 2,400 மி.மீ. தூரத்தில் 200 மி.மீ.க்கு மிகாத இடைவெளியிலும் வர வேண்டும். முதல் ரிங் பில்லர் முகத்திலிருந்து 50 மி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் தனிக் குறிப்பு உள்ளது.

உங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, 100-க்கும் 200-க்கும் சராசரி 150 என்று எடுத்து, 4,800-ஐ 150-ஆல் வகுத்து 32 என்றும், அதனுடன் ஒன்றைக் கூட்டி 33 என்றும் கணக்கிட்டதாகச் சொன்னார்கள். எல்லா வேலைகளுக்கும் இப்படித்தான் போடுவதாகவும் கூறினார்கள். இது போன்ற பீம்களில் இந்த முறை குறைவான விடையையே தரும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நீளத்தில் பாதி நெருக்கமாகவும் பாதி அகலமாகவும் இருக்கும்போது, நெருக்கமான பாதியில் 2,400-ஐ 100-ஆல் வகுக்க 24 இடைவெளிகளும், அகலமான பாதியில் 200-ஆல் வகுக்க 12 இடைவெளிகளும் வருகின்றன. கூட்டினால் 36 இடைவெளிகள். இடைவெளியின் அளவைச் சராசரி எடுத்தால் 32 மட்டுமே கிடைக்கிறது. சராசரி எடுக்கக்கூடியது இடைவெளியின் அளவு அல்ல என்பதும், ஒவ்வொரு பகுதியிலும் எண்ணிக்கையைத் தனியே கண்டு கூட்டுவதே வழி என்பதும் இதிலிருந்து தெளிவாகும்.

பில்லில் உள்ள 39 வேறொரு பிழையால் வந்தது. பில் போட்டவர் மூன்று பகுதிகளையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் இடைவெளிகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி 13, 13, 13 என்று எழுதியிருக்கிறார். நெருக்கமான பகுதி முடியும் இடத்தில் உள்ள ரிங்கும் நடுப்பகுதி தொடங்கும் இடத்தில் உள்ள ரிங்கும் ஒன்றேதான். அது இரண்டு எல்லைகளிலும் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. அந்த இரண்டைக் கழித்தால் 37. இந்த 37-ம் முதல் ரிங்கையும் கடைசி ரிங்கையும் பில்லர் முகத்தோடு ஒட்டி வைத்ததாகக் கொள்கிறது. வரைபடமோ 50 மி.மீ. வரை உள்ளே தள்ளித் தொடங்க இடம் தருகிறது.

ஆகவே சரியான கணக்கைப் பில்லர் முகத்திலிருந்தே தொடங்க வேண்டும். முதல் ரிங் 50 மி.மீ.யில், பிறகு 150, 250 என்று நூறு நூறாகச் சென்று 1,150-ல் நெருக்கமான பகுதியின் கடைசி ரிங். இதில் 12 ரிங்குகள். மறுமுனையிலும் அதே 12. இந்த இரண்டு கடைசி ரிங்குகளுக்கும் இடையே மீதமிருப்பது 2,500 மி.மீ. அதை 200-ஆல் வகுத்தால் 12.5 இடைவெளிகள். 200 என்பது உச்ச வரம்பு என்பதால் இதை 13 ஆகத்தான் உயர்த்த வேண்டும். 12 ஆகக் குறைத்தால் இடைவெளி 208-ஐ எட்டிவிடும். 13 இடைவெளிகளில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 192 மி.மீ.; அவற்றுக்கிடையே வரும் ரிங்குகள் 12. மொத்தம் 12, 12, 12 என 36.

மூன்று ரிங் குறைவதால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் ஊழியர் கேட்டார். தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வந்த 33-ஐ வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்ததால், கம்பி கட்டுபவர் அவற்றைப் பீம் முழுவதும் சற்றுப் பரவலாக்கிக் கட்டிவிட்டார். அவர்மேல் நான் குறை சொல்லமாட்டேன். கையில் கொடுத்த எண்ணிக்கைக்குத்தான் அவரால் கட்ட முடியும். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் டேப் வைத்து அளந்து பார்த்தபோது, முதல் ரிங் முகத்திலிருந்து 90 மி.மீ. தள்ளி இருந்தது. முனைப்பகுதியில் 12 இருக்க வேண்டிய இடத்தில் 120 மி.மீ. இடைவெளியில் 10 மட்டுமே இருந்தன. நடுவிலோ 192 போதும் என்ற இடத்தில் ஏறக்குறைய 175-க்கு ஒன்றாக 13 ரிங்குகள் இருந்தன. குறைவு முழுவதும் முனைகளில் விழுந்து, அதற்கு மேல் நடுவில் ஒன்று கூடியும் போயிருந்தது.

பீமைக் கத்தரிக்கும் விசை பில்லரை ஒட்டிய இடத்தில்தான் மிகுதி. அங்கு வரும் விரிசல் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் ஓடும் என்று கொண்டால், விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க நீளக் கம்பியின் மையம் வரையிலான பயனுறு ஆழம் 409 மி.மீ. உள்ள இந்த பீமில் 100 மி.மீ. இடைவெளி இருக்கும்போது நான்கு ரிங்குகள் அந்த விரிசலின் குறுக்கே நின்று தாங்கும். 120 ஆனால் சில இடங்களில் மூன்றுதான் நிற்கும். மேலும், எங்கள் பொறியாளர் பின்பற்றிய ஐ.எஸ். 13920 (2016) விதி, நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக, பில்லர் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தைப் போல் இரு மடங்கு தூரம் வரை ரிங் இடைவெளி 100 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்த பீமில் அந்தத் தூரம் 818 மி.மீ. அதற்குள்ளேயே இடைவெளி 120 ஆக இருந்ததால், பொறியாளர் கான்கிரீட் போட அனுமதி மறுத்துவிட்டார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியுள்ளதால் வேலை நின்றிருக்கிறது.

எனவே, குறைவாக வந்த 24 ரிங்குகளை, ஏற்கெனவே அனுப்பிய அதே அளவிலும் வளைவிலும், இன்னும் இரண்டு நாள்களுக்குள் தளத்திற்கு அனுப்பித்தர வேண்டுகிறேன். அவை வந்த பிறகு மொத்தம் 288 ஆகும்; பில் 312-க்குப் போடப்பட்டிருப்பதால், எஞ்சிய 24 ரிங்குகளுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும். மறுபடி கட்டுவதற்கான ஒரு நாள் கூலியையும் ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் தளத்துக்கான பட்டியலும் உங்களிடம் இருக்கிறது. அதிலும் சராசரி இடைவெளி கொண்டே கணக்கிட்டிருப்பீர்கள் என்று அஞ்சுகிறேன். கம்பியை வெட்டுவதற்கு முன், ஒவ்வொரு பீமுக்கும் முதல் ரிங் எங்கே, நெருக்கமான பகுதி எங்கே முடிகிறது, நடுவில் எத்தனை இடைவெளிகள் என்று வரிசையாக எழுதிய பட்டியலை எனக்கு அனுப்புங்கள். பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே வெட்டும் வேலையைத் தொடங்க வேண்டும்.

தளத்தில் அளந்த அளவுகளையும், டேப்புடன் எடுத்த படங்களையும், பில்லின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.