கட்டளை 37 வழக்குக்கு அதற்குரிய சம்மனை அனுப்புங்கள்: நீதிமன்ற நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தில்லியில் எங்கள் பண வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். கரோல் பாகில் அட்டைப்பெட்டி வியாபாரம் செய்கிறேன். வழக்கின் நியாயத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அது நீதிபதியின் வேலை. இது உங்கள் அலுவலகம் அனுப்பிய சம்மனைப் பற்றியது.

சரக்கு வாங்கியவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வந்தது. வட்டியோடு சேர்த்து 2,80,000 ரூபாய். செக், பிராமிசரி நோட், எழுத்து ஒப்பந்தம் போன்றவற்றின் பேரில் வரும் கடனுக்கு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37-இல் சுருக்க விசாரணை இருக்கிறது. அதன்படிதான் வழக்குப் போட்டோம். முதலில் பிராது திரும்பி வந்தது. வழக்கு எண்ணுக்குக் கீழே 'கட்டளை 37-இன் கீழ்' என்ற வரி இல்லையாம். சரி, விதி அப்படித்தான் சொல்கிறது. அந்த வரியைச் சேர்த்துக் கொடுத்தோம்.

அதே பிராதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அலுவலகம் அனுப்பியது சாதாரண வழக்குக்கான சம்மன்.

இதனால் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். கட்டளை 37-இல், பின்னிணைப்பு 'பி'-யின் 4-ஆம் எண் படிவத்தில், பிராதும் இணைப்புகளும் சேர்த்து சம்மன் போக வேண்டும். கிடைத்த 10 நாளுக்குள் பிரதிவாதி ஆஜராகி, நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரியைத் தர வேண்டும். வராவிட்டால் பிராதில் சொன்னதை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். வாதிக்கு டிகிரி, அதாவது அவருக்குச் சாதகமான தீர்ப்பாணை, கிடைக்கும். வந்தால், நாங்கள் தீர்ப்புக்கான சம்மனை 4ஏ படிவத்தில் பிரமாணப் பத்திரத்தோடு அனுப்புவோம். அது கிடைத்த 10 நாளுக்குள் அவர் தன் பக்கத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி, வழக்காட அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகுதான் எதிர்வழக்குரை.

எங்கள் பிரதிவாதிக்குப் போன தாளிலோ, 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்யச் சொல்லியிருந்தது. அவரும் சாவகாசமாக, அந்த 30 நாளும் போன பிறகு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் ஒரு மனுவோடு எதிர்வழக்குரை தாக்கல் செய்தார். ஆஜர் இல்லை, முகவரி இல்லை, அனுமதியும் கேட்கவில்லை. 10 நாள் தவறிவிட்டது, டிகிரி கொடுங்கள் என்று எங்கள் வக்கீல் வாதாடினார். நீதிபதி மறுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. உரிய படிவத்தில் அழைக்காத ஒருவரை '10 நாளில் ஏன் வரவில்லை' என்று எப்படிக் கேட்க முடியும்? புதிய சம்மன் அனுப்ப உத்தரவாகியிருக்கிறது. அதாவது வழக்கு மறுபடியும் முதல் படிக்கே போய்விட்டது. சம்மனுக்கான கட்டணம் கட்டி, அது போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியது நாங்கள். தவறான தாளை எடுத்தவருக்கு என்ன நஷ்டம் என்று தெரியவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டளை 37 வழக்குக்கு அதற்குரிய சம்மனை அனுப்புங்கள்.

எல்லாக் கெடுவும் கடைசியில் வாதிக்குத்தான் போலிருக்கிறது. சாதாரண வழக்கில் எதிர்வழக்குரைக்கு 30 நாள், மிஞ்சிப்போனால் 90 நாள் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அது கட்டாயமல்ல, அபூர்வமான காரணம் இருந்தால் தாண்டலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 'அபூர்வம்' கீழே வரும்போது தினசரி சமாச்சாரமாகிவிடுகிறது. வணிக நீதிமன்றத்தில் இந்தக் கதை நடக்காது. 120 நாள் தாண்டினால் எதிர்வழக்குரை ஏற்கப்படாது. ஆனால் அங்கே நுழைய 3 லட்ச ரூபாய் வழக்காவது இருக்க வேண்டும். இன்னும் 20,000 ரூபாய்க்குக் கூடுதலாக ஏமாந்திருந்தால் எங்களுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கும். அடுத்த முறை கடன் கொடுக்கும்போது கவனமாக இருக்கிறோம்!

மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். சட்டத்தை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை, அது உங்கள் கையில் இல்லை. கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தரான அஹல்மத்தின் மேசையிலிருந்து சம்மன் புறப்படும் முன், பிராதின் முதல் பக்கத்தில் எண்ணுக்குக் கீழே இருக்கும் அந்த வரியை யாராவது ஒருவர் படிக்கட்டும். அது இருந்தால் 4-ஆம் எண் படிவம், இல்லாவிட்டால் வழக்கமான படிவம். இரண்டையும் ஒரே கட்டில் வைக்காமல் தனித்தனியாக வைத்தாலே பாதிப் பிழை குறையும். அப்புறம், சம்மன் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதைக் கோப்பில் தெளிவாகப் பதியச் சொல்லுங்கள். 10 நாள் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. விசாரணைத் தேதியிலிருந்து என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் வழக்கின் புதிய சம்மன் இந்த வாரம் தயாராகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது கட்டளை 37-க்குரிய சம்மன்தானா, பிராதின் நகலும் செக்கின் நகலும் கூடவே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்து அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கரோல் பாகிலிருந்து ஒரு வாதி