மூன்றாவது சனிக்கிழமை மாலை: நூலகத்துக்கு ஒரு பிள்ளை, ஒரு பெரியவர்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் கட்டணம், தேர்வு, சீருடை எதுவும் இல்லை. நம் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் தன்னார்வலராக இருக்கும் ஓர் அம்மா போன வாரம் என் அறைக்கு வந்து ஓர் அறிவிப்பைக் கொடுத்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையால் எழுதிய அறிவிப்பு. பலகையில் ஒட்டினால் பிள்ளைகள் படிப்பார்கள், நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதால் அப்படியே கீழே தருகிறேன்.

"ஒவ்வொரு மாதமும் மூன்றாவது சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 5.30 வரை நூலகத்தின் தரைத்தளத்தில் புதிர் மாலை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியரும், 60 வயது தாண்டிய பெரியவர்களும் வரலாம். ஒரு மேசைக்கு ஒரு பிள்ளை, ஒரு பெரியவர். மொத்தம் பன்னிரண்டு மேசை. சொந்தத் தாத்தா பாட்டியோடு வரலாம், ஆனால் அவர்களோடு ஒரே மேசையில் உட்கார முடியாது. கைப்பேசி வாசலில் உள்ள பெட்டியில் போடப்படும். படிக்கும் கண்ணாடி உள்ளவர்கள் மறக்காமல் எடுத்து வரவும். பென்சில், ரப்பர், தேநீர் நாங்கள் தருவோம். பரிசு கிடையாது."

இவ்வளவுதான் அறிவிப்பு. 'பரிசு கிடையாது' என்பதற்குக் கீழே அவரே ஒரு கோடு போட்டிருந்தார்.

சரி, நூலகத்தில் குறுக்கெழுத்துப் போடுவதற்குத் தலைமையாசிரியர் ஏன் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். போன மாதம் வெள்ளோட்டமாக ஆறு மேசை மட்டும் போட்டு நடத்திப் பார்த்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். ஒரு மேசையில் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைச் சொன்னால் போதும்.

அதற்கு முன் தமிழ்க் குறுக்கெழுத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான். இரண்டு சொற்கள் ஒரு கட்டத்தில் சந்திப்பது எளிது. நமக்கு எழுத்து 247. இடமிருந்து வலம் போகும் சொல்லில் 'சி' இருந்தால், மேலிருந்து கீழ் வரும் சொல்லிலும் அதே 'சி'தான் வேண்டும், 'ச' போதாது. அதனால் புதிர் தயாரிப்பவர் பாடு திண்டாட்டம். ஆனால் விடை கண்டுபிடிப்பவருக்கு இதுவே பெரிய துணை. ஒரே ஒரு கட்டம் நிரம்பினாலும் அது நிறையச் சொல்லிவிடும்.

ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதிலேயே தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. 'சொ' என்பது கொம்பு, ச, கால் என்று மூன்று உருவமாகத் தெரிந்தாலும் ஒரே கட்டம். புள்ளி வைத்த 'ச்' தனிக் கட்டம். அந்த அம்மா முதல் புதிரைக் கணினியில் தயாரித்தபோது, சொற்களின் நீளத்தைக் கணினியையே எண்ணச் சொல்லியிருக்கிறார். 'கடவுச்சொல்' என்பதற்கு அது 10 என்றதாம். புள்ளியையும் உகரக் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. நமக்கு அது க, ட, வு, ச், சொ, ல் என்று ஆறே கட்டம். அன்றிலிருந்து விரலை மடக்கித்தான் எண்ணுகிறார். கட்டத்தை 2 சென்டிமீட்டருக்குப் போடுகிறார். அதைவிடச் சிறிதானால் 'சொ' பக்கத்துக் கட்டத்துக்குள் கால் நீட்டிவிடும், பெரியவர்களுக்குக் கண்ணும் பிடிக்காது. வரிசைக்கு ஒன்பது கட்டம் என்று வைத்தால் 18 சென்டிமீட்டர், ஏ4 தாளில் சரியாக அடங்குகிறது.

வெள்ளோட்டத்தின் முதல் அரைமணி நேரம் சரியாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா மேசையிலும் பென்சில் பிள்ளை கையில்தான் இருந்தது. குறிப்பைத் தானே படித்து, தானே விடை எழுதி, தெரியாததைத் தாண்டி அடுத்ததற்குப் போனார்கள். பெரியவர்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பதினோரு விடை எழுதி முடித்த பிறகுதான் எதிரில் ஒருவர் இருப்பதே நினைவுக்கு வந்ததுபோல நிமிர்ந்தான். நம் பள்ளிப் பையன்தான். கெட்டிக்காரன்.

அந்த அம்மா எல்லாத் தாளையும் திரும்ப வாங்கினார். கத்தரிக்கோலை எடுத்துக் குறிப்புகள் இருந்த பகுதியை இரண்டாக வெட்டினார். இடமிருந்து வலத்துக்கான குறிப்புகள் பெரியவரிடம். மேலிருந்து கீழுக்கானவை பிள்ளையிடம். கட்டத் தாள் நடுவில், பென்சில் ஒன்றே ஒன்று. ஒருவர் குறிப்பை இன்னொருவர் பார்க்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். இனி எல்லா மாதமும் இப்படித்தான் நடக்கும்.

அதற்குப் பிறகு நான் நின்ற மேசையில் நம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும், எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவரும் இருந்தார்கள். மாணவியிடம் இருந்த ஒரு குறிப்பு: 'இதைப் பிறரிடம் சொன்னால் கணக்கு உங்கள் கையில் இருக்காது (6)'. வங்கிக் கணக்கு என்று புரிந்துகொண்டு உடனே 'பாஸ்வேர்ட்' என்று எழுதினாள். பா, ஸ், வே, ர், ட். ஐந்துதான் வந்தது, ஒரு கட்டம் காலி. "எண்ணிக்கை தப்பாப் போட்டிருக்காங்க சார்" என்று என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியவரிடம் இருந்த குறிப்பு: 'நாற்றுப் பறித்ததும் வயலில் நடக்கும் வேலை (3)'. "நடவு, இதுல என்னம்மா புதிர் இருக்கு" என்றார். ந, ட, வு. அதன் நடுக்கட்டம் மாணவியின் சொல்லில் இரண்டாவது கட்டம். அங்கே 'ட' வந்தாக வேண்டும், அவள் எழுதியிருந்ததோ 'ஸ்'. இருவரில் ஒருவர் அழிக்க வேண்டும். "உங்க வார்த்தையை மாத்திக்கிறீங்களா தாத்தா?" என்று கேட்டாள். "நடவுக்கு வேற பேரு கிடையாது பாப்பா" என்றார். அழித்தாள். இரண்டாவது எழுத்து 'ட', மொத்தம் ஆறு. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு, அப்பாவின் கைப்பேசியில் தமிழில் வரும் 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்ற வரி நினைவுக்கு வந்து எழுதினாள். பெரியவர் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. "கடவுள் சொல்லா?" என்றார். அதை அவருக்கு விளக்கவே ஐந்து நிமிடம் போனது. நடுவில், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வரும் அழைப்புகளைப் பற்றியும் பேச்சு வந்தது.

அப்புறம் பெரியவரின் அடுத்த குறிப்பு: 'வீட்டின் மேல்தளம், பலகை பாவியது (3)'. "பரண்" என்றார். ப, ர, ண். மூன்று கட்டம் சரியாக இருந்தது. ஆனால் அதன் நடுக்கட்டத்தில் 'கடவுச்சொல்'லின் 'ச்' ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இங்கேதான் அந்தப் பெண், வகுப்பில் நாங்கள் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த மெய்ம்மயக்கத்தை எடுத்தாள். "தாத்தா, ச்-க்கு அடுத்து ச வரிசைதான் வரும். ச, சா, சி, சு, சை, இப்படி ஏதாவது ஒண்ணு. ர வராது, ண் வராது." க், ச், த், ப் நான்கும் தம் வரிசை எழுத்தோடு மட்டுமே சேரும் என்பது இலக்கண விதி. இதை நான்கு மதிப்பெண் விடையாகத்தான் பிள்ளைகள் அறிவார்கள். கட்டத்தில் அது ஒரு கருவி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு "ச்சா... ச்சி... ச்சு..." என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "மச்சு! மச்சு வீடுன்னு சொல்லுவோமே" என்றார். அவள் அந்தச் சொல்லைக் கேட்டது அன்றுதான்.

இந்த விதிக்கு எல்லை உண்டு. 'சக்தி', 'சப்தம்' போன்ற வடசொற்களிலும், 'பாக்ஸ்' போன்ற ஆங்கிலச் சொற்களிலும் இது நிற்காது. ஆகவே அந்த வகைச் சொல் விடையாக வரும் இடத்தில் குறிப்பின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி போடப் போகிறார்கள். இன்னும் இரண்டு விதி கைகொடுக்கும். தமிழ்ச் சொல்லுக்குப் புள்ளி எழுத்து முதலில் வராது. அ, ஆ போன்ற உயிரெழுத்து, அளபெடை நீங்கலாக, சொல்லின் நடுவில் வராது. ஆக, இரண்டு சொற்கள் சந்திக்கும் கட்டத்தில் 'ஆ' விழுந்தால் இரண்டுமே அங்கிருந்துதான் தொடங்குகின்றன. என் கணக்கில், இந்த மூன்றும் தெரிந்த பிள்ளையும், பழைய சொல் தெரிந்த பெரியவரும் சேர்ந்தால் ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். அன்று யாரும் முடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சொந்தத் தாத்தா பாட்டியோடு உட்காரக் கூடாது என்பது ஏன் என்று கேட்டேன். வீட்டில் பேரப்பிள்ளை கேட்டதும் பாட்டி விடையைச் சொல்லிவிடுவார், அல்லது பிள்ளை "உனக்கு இதெல்லாம் தெரியாது பாட்டி" என்று தாளைப் பிடுங்கிக்கொள்ளும், வெளியாளிடம் இரண்டும் நடக்காது என்றார். எனக்கு அது முழுதாகச் சரியென்று படவில்லை. பழக்கமில்லாதவர் முன்னால் வாயே திறக்காத பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை முதல் மாதம் மட்டும் பக்கத்து மேசையில் தெரிந்த பெரியவர் இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டார்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போக விரும்பும் பிள்ளைகள் இத்துடன் உள்ள சம்மதச் சீட்டில் உங்கள் கையெழுத்து வாங்கி, வகுப்பாசிரியரிடம் வரும் புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு இடம்தான், எனவே முந்திக் கொடுத்தவர்களுக்கு இந்த மாதம், மற்றவர்களுக்கு அடுத்த மாதம். 5.30-க்கு முடிந்ததும் பிள்ளையை அழைத்துப் போக யார் வருவார் என்பதைச் சீட்டில் எழுதுங்கள். தனியாக வந்துவிடும் என்றால் அதையும் எழுதுங்கள். அன்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கடைசிவரை நூலகத்தில் இருப்பார். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளின் பெற்றோர் தயங்குவீர்கள், அது உங்கள் விருப்பம். மாதத்தில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்குச் சீட்டு ஏதும் வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பவர்களிடம் சொல்லுங்கள். வாசலில் படி இரண்டுதான், கைப்பிடி இருக்கிறது. காது மந்தமானவர்களுக்கு மின்விசிறிச் சத்தம் இல்லாத மூலை மேசை ஒதுக்குவார்கள், வந்ததும் சொன்னால் போதும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் தயங்க வேண்டாம். குறிப்பைப் பிள்ளை வாசித்துக் காட்டும், அந்த மேசைக்கு மட்டும் குறிப்புத் தாளை வெட்ட மாட்டார்கள்.

கடைசியாக, அந்த அம்மா உங்களுக்கென்று ஒரு குறிப்பு கொடுத்தார். நான்கு கட்டம். எட்டு சேர்ந்தால் ஒரு படி. மூன்றாவது கட்டத்தில் 'க்'. வீட்டில் இருக்கும் பெரியவரைக் கேட்டு, விடையைச் சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்