வேலைக்கு ஆள் எடுக்கும் எச்.ஆர். நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். 2023-இல் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தபோது வேலை போனவர்களில் நானும் ஒருவன், மேனுவல் டெஸ்டர். அப்புறம் நீண்ட இடைவெளி. அதை ரெஸ்யூமில் மறைக்கவில்லை. மறைத்தாலும் பயனில்லை, பிஎஃப் கணக்கில் வேலையை விட்ட தேதி இருக்கிறது, நீங்கள் எப்படியும் பார்த்துவிடுவீர்கள். ஆனால் பிஎஃப் பணம் வரவில்லை என்பதால் அந்த மாதங்களில் நான் எதுவுமே செய்யவில்லை என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

நான் மாலை நேரங்களில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டேன். இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைக்குப் பிஎஃப் கட்டாயமில்லை, வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளமும் இல்லை, அதனால் நீங்கள் வழக்கமாகத் தேடும் எந்த இடத்திலும் அந்த வேலை தெரியாது. மாதாமாதம் வந்த சம்பளம் வங்கிக் கணக்கில் இருக்கிறது, முதலாளியின் கடிதமும் இருக்கிறது. கேட்டால் தருகிறேன்.

அந்தக் கடையில்தான் என் ப்ராஜெக்டே பிறந்தது. 333 ரூபாய் துணிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 16.65. ஆனால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 8.325, தனித்தனியாக 8.33 ஆக்கிக் கூட்டினால் 16.66. பில்லின் ஒரு இடத்தில் ஒரு தொகை, இன்னொரு இடத்தில் வேறு தொகை, மாலையில் கணக்கு ஒத்துப்போகாது. இதைப் பிடிப்பதற்காகவே ஒரு சின்ன பில்லிங் செயலியை நானே எழுதி, அதற்கு ப்ளேரைட்டில் தானியங்கி டெஸ்ட்களும் எழுதி கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன். அங்கே கமிட் தேதிகளைப் பாருங்கள். ஒரே நாளில் மொத்தமாக ஏற்றிய ப்ராஜெக்ட் என்றால் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியது வேறு மாதிரி தெரியும். அதுவும் போதாது என்றால் நேர்காணலில் ஒரு டெஸ்ட்டை என் கண்முன்னே உடைத்துவிட்டு, ஏன் தோற்றது என்று கேளுங்கள்.

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடியோ பார்த்து முடித்தாலே வரும் சான்றிதழை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நானே அதை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிட்டேன். என்பிடெல்லில் முடித்த டெஸ்டிங் பாடம் அப்படியல்ல. 12 வாரம், வாராவாரம் வீட்டுப்பாடம், மதிப்பெண்ணில் 75 சதவீதம் தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு. கடையில் கணக்கு ஏன் உதைக்கிறது என்று புரிந்ததே எல்லை மதிப்புகளைச் சோதிப்பது பற்றி அந்தப் பாடத்தில் படித்த பிறகுதான்.

விண்ணப்பப் படிவத்தில் "இடைவெளிக்குக் காரணம்" என்று ஒற்றை வரிப் பெட்டி வைக்கிறீர்கள். "லேஆஃப்" என்று எழுதினால் பெட்டி நிரம்பிவிடுகிறது, வேலை பார்த்தது, படித்தது, எழுதியது எதற்கும் இடமில்லை. அந்த இடைவெளியில் செய்த வேலைக்கும் அதன் இணைப்புக்கும் இன்னொரு பெட்டி சேருங்கள். மாதங்களை எண்ணி விண்ணப்பத்தை ஒதுக்கும் முன்பு, அந்த இணைப்பை ஒருவராவது திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.