வங்கிக் கடன் அதிகாரிகளுக்கு: ஒப்பந்ததாரரின் ஆறாவது மாதத்தைப் பாருங்கள்

கட்டட ஒப்பந்ததாரர்களின் நடைமுறை மூலதனக் கடன் கோப்புகளைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிறிய, நடுத்தர ஒப்பந்ததாரர்களுக்கு மாதவாரியான பணவரவு மதிப்பீடும் அதற்கான விளக்கவுரையும் எழுதித் தருவது எங்கள் வேலை. கோப்பு கிளைக்குள் போய்த் திரும்பும்போது அந்த விளக்கவுரையை யாரும் புரட்டியதாகத் தெரிவதில்லை. ஆண்டு விற்றுமுதலில் 25% தேவை, அதில் 20% வங்கி, 5% சொந்தப் பணம் என்ற நாயக் குழுக் கணக்கோடு வரம்பு முடிவாகிவிடுகிறது. மாதந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு வியாபாரம் நடக்கும் கடைக்கு அது சரிப்படும். கட்டட வேலைக்கு ஏன் சரிப்படாது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறோம்.

ஜி.எஸ்.டி. நீங்கலாக 2 கோடி ரூபாய்க்கு ஒரு அரசுப் பள்ளிக் கட்டடம், 10 மாத வேலை என்று வையுங்கள். செலவு 180 லட்சம். மாதம் 18 லட்சம் என்று வகுத்துப் போட்டுத் தரும் மதிப்பீடுகள் நிறைய வருகின்றன. அப்படி ஒரு கட்டடமும் எழும்புவதில்லை. முதல் மாதம் இடம் சுத்தம் செய்து, குறியிட்டு, வானம் தோண்டுவதோடு போய்விடும், செலவு 4%. இரண்டாம், மூன்றாம் மாதங்களில் 7, 11 என்று ஏறும். நான்காவதிலிருந்து ஏழாவது வரை ஒரு தளத்தில் சென்ட்ரிங், இன்னொரு தளத்தில் செங்கல் கட்டு, கீழே பூச்சு என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அப்போது 14, 15, 15, 13. பிறகு 10, 7, 4 என்று இறங்கும். இதைக் கூட்டிக்கொண்டே போய் வரைந்தால் அடியில் படுத்து, நடுவில் நிமிர்ந்து, மேலே மறுபடி படுக்கும் எஸ் வளைவு கிடைக்கும்.

பணம் வருவதும் இதே வளைவில்தான், ஆனால் தள்ளி வருகிறது. மாதக் கடைசியில் பார்ட் பில் போடுகிறார்கள். உதவிப் பொறியாளர் எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் அளவு எழுத வேண்டும், மேலதிகாரி சரிபார்க்க வேண்டும், பில் பாஸ் ஆக வேண்டும். 60 நாள் என்று வைத்துக்கொண்டால், முதல் மாத பில்லுக்கான பணம் மூன்றாவது மாதக் கடைசி நாளில் வருகிறது. அதுவும் முழுசாக வராது. ரிட்டென்ஷனாக நிறுத்திவைப்பது 5%, வருமான வரி டி.டி.எஸ். 2%, ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 2%, தொழிலாளர் நல செஸ் 1% போனால் கைக்கு 90%. அதாவது 200 லட்சம் வேலைக்குக் கையில் வருவது 180 லட்சம், செலவும் அதே 180. லாபம் என்று நீங்கள் பார்க்கும் 10% அத்தனையும் பிடித்தத்தில் இருக்கிறது. கடைசி பில் 12-ஆம் மாதம் வந்த பிறகும் இந்த வேலையின் ரொக்க நிலை பூஜ்யம்தான். ரிட்டென்ஷன் 10 லட்சம் கைக்கு வர, குறைகளுக்கான பொறுப்புக் காலம் முடிய வேண்டும்.

செலவில் பாதி, கம்பி, சிமெண்ட், செங்கல் வகையில் 30 நாள் கடனில் கிடைப்பதாக வைப்போம். மீதிப் பாதிக்குக் கடன் கிடையாது: சனிக்கிழமைக் கூலி, எம்-சாண்ட், ஜல்லி லாரி, டீசல். ஆறாவது மாதக் கடைசிக்குள் நடந்த வேலையின் செலவு 118.8 லட்சம், கடைக்காரர் பாக்கியைக் கழித்தால் கையை விட்டுப் போனது 105.3 லட்சம். அன்று காலை வரை வந்து சேர்ந்தவை முதல் மூன்று பில்கள், 39.6 லட்சம். பற்றாக்குறை 65.7 லட்சம். அன்று மாலை நான்காவது பில்லுக்கான 25.2 லட்சம் கணக்கில் ஏறினால் அது 40.5 ஆகிவிடும்.

உங்கள் மேசைக்கு வரும் அட்டவணையில் அந்த 40.5 மட்டுமே இருக்கும். மாதக் கடைசி இருப்பை மட்டும் எழுதும் அட்டவணை, பணம் வருவதற்கு முந்தைய நாளைக் காட்டாது. ஆகவே ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு இருப்பு கேளுங்கள்: பில் பணம் ஏறும் முன், ஏறிய பின். வரம்பை முடிவு செய்ய வேண்டியது முன்னதை வைத்துத்தான்.

நாயக் கணக்குப்படி இவருக்கு வங்கி 40, சொந்தம் 10, ஆக 50 லட்சம். மாதம் 18 லட்சம் என்று சமமாக வகுத்த அட்டவணையில் அதிகபட்சப் பற்றாக்குறை 45 லட்சம்தான் வரும். எனவே கோப்பு நிம்மதியாகத் தெரியும். வளைவுப்படி போட்டால் ஐந்தாம் மாதம் 58.5, ஆறிலும் ஏழிலும் 65.7, எட்டில் 59.4. நான்கு மாதம் துண்டு விழுகிறது. கூலியை நிறுத்த முடியாது, ஆகவே கம்பிக் கடைக்குத்தான் முதலில் தவணை தள்ளும். கடைக்காரர் கடனை நிறுத்தி ரொக்கம் கேட்டால் பற்றாக்குறை இன்னும் பெருகும். வரம்பைக் குறைத்து வைத்தது யாரென்று பார்க்காமல் ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்வது எளிது.

கடன் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் அதிகாரத்தைக் கணக்கிடும் விதமும் இதைக் கூட்டுகிறது. சரக்கு, பில் போட்ட பாக்கி இரண்டையும் எடுத்துக்கொள்கிறீர்கள். இந்த மாதம் ஊற்றிய காங்கிரீட்டுக்கு இன்னும் பில் இல்லை. களத்தில் கம்பியாகவும் இல்லை. செலவான பணம் இரண்டு கணக்கிலும் சேராமல் நிற்கிறது. உச்ச மாதத்தில் அது 27 லட்சம் வரை போகும்.

விளக்கவுரையில் நாங்கள் எழுதுவது இதைத்தான். மாதிரிக்கு ஒரு பத்தி: "ஆறாவது மாதம் இரண்டாம் தள ஸ்லாப், தரைத்தளப் பூச்சு. செலவு 27 லட்சம். இம்மாதம் எதிர்பார்க்கும் வரவு நான்காவது பில் மட்டும். எம்-புக்கில் பதிவாகிவிட்டது, மேலதிகாரி சரிபார்ப்பு முடிந்தது. வரவுக்கு முன் பற்றாக்குறை 65.7 லட்சம். பில் 30 நாள் தாமதமானால் ஏழாம் மாத உச்சம் 90.9 லட்சம்." கடைசி வரி எல்லா மதிப்பீட்டிலும் இருக்க வேண்டும். எல்லா பில்லும் ஒரு மாதம் தள்ளிப்போனால் உச்சம் 25 லட்சம் ஏறுகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது.

மேலே உள்ள கணக்கில் ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை, அதற்குத் தனி நிரை வேண்டும். மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்பவர், இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும், பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும். வேலை ஜூனில் தொடங்கினால் உச்ச மாதங்கள் அக்டோபர், நவம்பரில் விழும். வடகிழக்குப் பருவமழையில் வேலை தேங்கும், ஆட்களை மட்டும் வைத்திருக்க வேண்டியிருக்கும். தொடங்கும் தேதி எழுதாத மதிப்பீட்டைத் திருப்பி அனுப்புங்கள். பிடித்தமே இல்லாத வரவு, பில் போட்ட மாதத்திலேயே வந்துவிடும் வரவு, எல்லா மாதமும் ஒரே தொகை: இதில் ஒன்று இருந்தாலும் அந்த அட்டவணை வரம்புக்காகத் தயாரித்தது, வேலைக்காக அல்ல.

எங்கள் கோரிக்கை சிறியது. 40 லட்சத்தை 56 ஆக்கி ஆண்டு முழுக்க வைக்கச் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் அது சும்மா கிடக்கும், வேறு வேலைக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஐந்தாம் மாதத் தொடக்கத்திலிருந்து எட்டாம் மாதக் கடைசி வரை 16 லட்சம் தற்காலிக வரம்பு, எட்டாம் மாதக் கடைசியில் வரும் ஆறாவது பில்லிலிருந்து அதை அடைத்து மூடும் நிபந்தனையோடு. ஒன்பதாம் மாத உச்சம் 47.7 லட்சம்தான், பழைய வரம்பே தாங்கும். இதை முதல் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் ஐந்தாம் மாதம் அவசர விண்ணப்பத்தோடு அவர் உங்கள் முன் வந்து நிற்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒப்பந்ததாரர்களுக்கு நிதி மதிப்பீடு தயாரிக்கும் கணக்காளர்கள், அளவுப் பொறியாளர்கள்