எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நன்றியும் ஒரு திருத்தமும்

அன்புள்ள பிள்ளைகளே,

கொடி நாளன்று உங்கள் வகுப்பில் பனிமலையில் இருந்த என் பட்டாள நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சுப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மற்றவர்கள் பேசாமல் காத்திருந்தீர்கள். ரொம்ப நன்றி.

அப்புறம் கடைசி பெஞ்சுத் தம்பி, "அங்க பயமா இருந்துச்சா சார்?" என்று கேட்டான். "பட்டாளத்துக்காரனுக்கு ஏதுப்பா பயம்?" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன். தம்பி, அது பொய்.

சியாச்சின் போன்ற உயரங்களுக்கு எங்களை ஒரேயடியாக ஏற்றமாட்டார்கள். 9,000 அடியைத் தாண்டியதும் 6 நாள், 12,000 அடிக்கு மேல் 4 நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு 4 நாள் என்று உடம்பைப் பழக்குவார்கள். அப்படிப் பழகியும் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நன்றாக ஓடுகிறவன், பஸ்கி எடுக்கிறவன் என்றெல்லாம் அது பார்க்காது.

மூன்றாம் கட்டத்தில், இரண்டாம் நாள் ராத்திரி எனக்கு வறட்டு இருமல் வந்தது. கம்பளியை வாயில் திணித்துக்கொண்டு இருமினேன். சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், பயந்தாங்கொள்ளி என்று பேர் வந்துவிடும். எனக்கு இருந்த பயம் அதுதான். சாவைப் பற்றி நினைக்கவே இல்லை.

விடிந்தபோது சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம். பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் நிமிர முடியாமல் கிடந்தேன். எங்கள் ஹவில்தார் வந்து, "ஒரே மூச்சில் இருபது வரைக்கும் எண்ணு" என்றார். ஆறிலேயே நின்றுவிட்டேன். அவர் திட்டவில்லை. ஆக்சிஜனை மாட்டி, ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கீழே இறக்கினார்கள். அதற்கு முதல் மருந்தே கீழே இறங்குவதுதான். இருமலில் இளஞ்சிவப்பு நுரை வரத் தொடங்கியிருந்தது. இன்னொரு ராத்திரி மறைத்திருந்தால் இந்தக் கடிதம் கிடையாது.

சில வருடம் கழித்து நானே ஹவில்தார் ஆனேன். ஒரு காலை, மேலே கிளம்ப எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். எங்களில் நன்றாக ஓடும் சின்னப் பையன் ஒருவன் முன்னால் வந்து, "உஸ்தாத், ராத்திரியிலிருந்து மூச்சு சரியில்லை" என்றான். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருத்துவரிடம் அனுப்பினேன். எனக்கு வந்த அதே கோளாறு, ஆனால் ஆரம்பம். அன்று மத்தியானமே வண்டியில் கீழே இறங்கிவிட்டான். அத்தனை பேர் முன்னால் அவன் சொன்னதை, என்னால் இருட்டில் ஒருவரிடம் சொல்ல முடியவில்லையே என்று அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். கைதட்டலைத் திருப்பித் தர வழியில்லை. தண்ணீர் பாட்டில் மூடி மட்டும் என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன் என்று அந்தப் பாப்பாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொடி நாளுக்கு வந்த பட்டாளத்துத் தாத்தா