மணிக்கு, ரிலேட்டட் ஒர்க் குறித்து

அன்புள்ள மணி,

நலம். டெட்லைன் வாரத்தில் உன் நலம் கேட்பது வீண் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பேப்பரின் வரைவைப் படித்தேன். முறை நன்றாக இருக்கிறது. ரிலேட்டட் ஒர்க்தான் வருகைப் பதிவேடு: இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார், ஆஜர், ஆஜர். “ஃபிரெஷ்டிஸ்க்ஆனிலிருந்து இது எப்படி வேறு?” என்று இரண்டாம் ரிவ்யூவர் கேட்காமல் என்ன செய்வார்?

ஆண்டு வரிசையைத் தூக்கிப் போடு. உன் பேப்பரின் கேள்வி ஒன்றுதான்: வெக்டார் தேடலுக்கான கிராஃப் இண்டெக்ஸிலிருந்து ஒரு நோடை நீக்கினால், அதைச் சுட்டிய எட்ஜ்களை எப்போது, என்ன செலவில் சரிசெய்வது? ஒவ்வொரு முறையையும் அதற்குப் பதில் சொல்ல வை. எல்.எஸ்.எச்.சுக்கு அரைப்பக்கம் கொடுத்திருக்கிறாயே, எதற்கு? அங்கே பக்கெட்டிலிருந்து ஐடியை எடுத்தால் வேலை முடிந்தது. ஒரு வாக்கியம் போதும்.

ஹெச்.என்.எஸ்.டபிள்யூ.வில் “நீக்கினால் ரீகால் சரிகிறது” என்று எழுதியிருப்பதை மாற்று. `hnswlib`-இன் `markDelete` குறி மட்டும்தான் வைக்கிறது. தேடல் அந்த நோடு வழியாகப் போகும், விடையில் மட்டும் அதைக் காட்டாது. அங்கே வீணாவது நினைவகமும் நேரமும்.

ஃபிரெஷ்டிஸ்க்ஆன் (2021) நீக்கங்களை “கவனிக்கவில்லை” என்கிறாய். அதை எழுதியவரே உன் ரிவ்யூவராக இருக்கலாம், ஜாக்கிரதை! நீக்கங்களைச் சேர்த்துவைத்து, நீங்கிய நோடின் அண்டைகளை அதைச் சுட்டியவற்றுக்குக் கொடுத்து, மறுபடி ப்ரூன் செய்கிறார்கள். ரீகாலும் சரியாமல் நிற்கிறது. அவர்கள் மொத்தமாகச் செய்வதை நீ உடனுக்குடன் செய்கிறாய். வேறுபாடு அவ்வளவுதான், அதுவே போதும்.

உனக்கு உண்மையிலேயே நெருங்கியது 2025-இல் வந்த ஐ.பி.-டிஸ்க்ஆன். நீ அதைப் பெயரோடு நிறுத்திவிட்டாய். தனிப் பத்தி கொடு. அவர்களும் உடனே சரிசெய்கிறார்கள். ஆனால் நீக்கும் புள்ளியையே குவரியாகத் தேடி, உள்வரும் எட்ஜ்களைத் தோராயமாகக் கண்டுபிடிக்கிறார்கள். நீ ஒவ்வொரு நோடுக்கும் அதைச் சுட்டுபவற்றின் தலைகீழ்ப் பட்டியல் வைத்திருப்பதால் ஒன்றும் தப்பாது. அதன் விலையையும் நீயே சொல்லிவிடு: எட்ஜ் உச்சவரம்பு 64, ஐடிக்கு 4 பைட் என்றால் நோடுக்குச் சராசரியாக 256 பைட் வரை கூடுதல், 1 கோடி புள்ளிக்கு 2.56 ஜி.பி. ஹப் நோடுகளின் பட்டியல் சராசரியைவிட எவ்வளவோ நீளும், அதையும் மறைக்காதே. பத்தியின் கடைசி வாக்கியம் இப்படி வரட்டும்: “ஐ.பி.-டிஸ்க்ஆன் தேடலுக்குச் செலவிடும் நேரத்துக்குப் பதிலாக இம்முறை நினைவகத்தைச் செலவிட்டு, உள்வரும் எட்ஜ்களை முழுமையாகப் பெறுகிறது.”

இப்படி எழுதினால் அட்டவணையிலும் ஐ.பி.-டிஸ்க்ஆன் இருந்தாக வேண்டும். இப்போது இல்லை. ரிலேட்டட் ஒர்க்கை எவ்வளவு திருத்தினாலும் அந்த ஓட்டையை அடைக்காது. முதலில் அந்த ரன்னைப் போடு.

பி.கு.: டபுள் பிளைண்டில் “எங்கள் முந்தைய பணி” என்று எழுதுவாயா? செல்வாவின் கண்ணில் படுவதற்குள் மாற்று, இல்லையென்றால் அந்தப் பழைய கதையை ஆரம்பித்துவிடுவான்.

அன்புடன்,
ரகு